அரிக்காதவருக்கும் ஏன் மருந்து?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் காபித் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். பொங்கல் விடுமுறைக்குச் சேலம் கல்லூரி விடுதியிலிருந்து வந்த மகன் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தான். மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கித் தடவினோம். பிப்ரவரி கடைசியில் எட்டு வயது மகளுக்கு ஆரம்பித்தது. டாக்டர் 'ஸ்கேபிஸ்' என்று சொல்லி, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும் என்றார். நாங்கள் அவளுக்கு மட்டும் தடவினோம். கொஞ்ச நாள் குறைந்திருந்து திரும்பவும் வந்துவிட்டது. இப்போது எனக்கும் அரிக்கிறது. மகள் பாட்டியோடுதான் படுக்கிறாள். ஆனால் மாமியார், "எனக்கு ஒரு அரிப்பும் இல்லை, எனக்கெதற்கு மருந்து?" என்கிறார். கணவருக்கும் ஒன்றுமில்லை. பிரசவத்துக்கு வந்த நாத்தனார் ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் இங்கேதான் இருக்கிறார். இரவில் மட்டும் ஏன் இப்படி அரிக்கிறது? மருந்து வேலை செய்யவில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, மருந்து பெரும்பாலும் வேலை செய்திருக்கிறது. உங்கள் மகளின் தோலிலிருந்து போன பூச்சி, உங்கள் மாமியாரிடமிருந்து அவளுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பதுதான் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம். அரிப்பு இல்லாத ஒருவரிடமிருந்து எப்படி வரும் என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

டாக்டர் சொன்ன ஸ்கேபிஸ், அதாவது சிரங்கை உண்டாக்குவது கால் மில்லிமீட்டரை விடச் சற்றே பெரியதான, வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ தெரியாத ஓர் எட்டுக்கால் பூச்சி. சினையான பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக இட்டுக்கொண்டே நாலைந்து வாரங்கள் வாழ்கிறது. அரிப்பு அது கடிப்பதால் வருவதன்று. பூச்சி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவற்றின் மீது நம் உடம்புக்கு ஏற்படும் ஒவ்வாமையே அரிப்பாக வெளிப்படுகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரங்கு தொற்றும் ஒருவரின் உடம்பு இந்த ஒவ்வாமையைக் கற்றுக்கொள்ள நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களில் அவருக்கு அரிப்போ கொப்புளமோ இருக்காது. ஆனால் பூச்சி இருக்கும், முட்டையிடும், பக்கத்தில் படுப்பவருக்கும் போகும். ஒருமுறை வந்து போனவருக்கு மறுபடி தொற்றினாலோ, ஒவ்வாமை ஏற்கெனவே தயாராக இருப்பதால், ஓரிரு நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். பொங்கல் நாட்களில் அண்ணனிடமிருந்து தங்கைக்குப் பூச்சி போயிருக்கிறது; சரியாக ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி கடைசியில், அவளுக்கு அரிப்பு தொடங்கியிருக்கிறது. அந்த ஆறு வாரமும் அவள் ஏற்காட்டுக் குளிரில் பாட்டியோடு ஒரே கம்பளிக்குள் உறங்கியிருக்கிறாள். தோலோடு தோல் சில நிமிடங்கள் தொடர்ந்து ஒட்டியிருந்தாலே பூச்சி ஒரு தோலிலிருந்து இன்னொரு தோலுக்கு நகர்ந்துவிடும் என்னும்போது, இரவு முழுவதும் அணைத்துப் படுப்பது அதற்குத் தாராளமான அவகாசம். பிப்ரவரி நடுவில் மாமியாருக்குப் போயிருந்தால், அவருக்கு மார்ச் கடைசி வரை அரிக்க வேண்டிய அவசியமே இல்லை. மகளுக்கு மட்டும் மருந்து தடவிச் சுத்தமாக்கி, அன்றிரவே மறுபடியும் அதே கம்பளிக்குள் பாட்டியிடம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கணவரும் நாத்தனாரும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. எனவேதான் எல்லோருக்கும் ஒரே இரவில் என்கிறோம்.

மாமியாரின் விஷயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணமாக ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். மிகவும் முதியவர்களிடமும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் சில சமயம் அவை ஆயிரக்கணக்கில் பெருகி, விரல்களிலும் உள்ளங்கையிலும் நகங்களுக்கடியிலும் சாம்பல் நிறத்தில் பொருக்காகப் படிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு அரிப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோகூட இருக்கலாம். அவருடைய கைகளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொருக்கு இருந்தால் க்ரீம் மட்டும் போதாது, அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இரவில் ஏன் என்று கேட்டீர்கள். போர்வைக்குள் தோல் சூடாகும்போது அரிப்புணர்வு கூடுகிறது, பூச்சியும் சுறுசுறுப்பாக நகர்கிறது. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உடம்பில் மிகக் குறைந்திருப்பதும் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில்தான். பகலில் வேலையில் மறந்திருந்த அரிப்பு படுத்ததும் தெரிவதும் உண்டு. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு என்று குறிப்பிட்ட இடங்களில் இரவு அரிப்பு, அதுவும் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு என்றால், வேறு சோதனை இல்லாமலேயே சிரங்கு என்று நினைத்து மருத்துவரைப் பார்க்கலாம்.

இனி மருந்து. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைத்தான் பெரும்பாலும் எழுதித் தருகிறோம். இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் மருத்துவரின் மேற்பார்வையில் இதைத் தரலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் குழாய் ஒன்று முழுவதும் தேவை, எட்டு வயதுப் பெண்ணுக்கு அதில் பாதி, கைக்குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு. உங்கள் வீட்டில் மகனையும் சேர்த்துப் பெரியவர்கள் ஐந்து பேர் என்பதால், ஒரு சுற்றுக்கு ஆறு குழாய்கள் வேண்டும். ஒரே குழாயை நான்கு பேர் பங்கிட்டு, அரிக்கும் இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக வைப்பதே நான் அடிக்கடி காணும் தவறு.

ஒரு சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுங்கள். வெந்நீரில் தேய்த்துக் குளித்துவிட்டுச் சூட்டோடு தடவும் பழைய வழக்கம் வேண்டாம். தோல் குளிர்ந்து, உலர்ந்திருக்க வேண்டும். நகங்களை வெட்டிவிட்டு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் தடவ வேண்டும்; முதுகுக்கு ஒருவருக்கொருவர் உதவுங்கள். விரலிடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், பிறப்புறுப்பு, பிட்டத்தின் மடிப்பு ஆகியவை விட்டுப்போகும் இடங்கள். மாமியாருக்குக் காதின் பின்புறமும் தலையின் ஓரங்களும் சேர வேண்டும். கைக்குழந்தைக்குத் தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாவற்றிலும், கண்ணையும் வாயையும் விட்டுத் தடவி, கையை வாயில் வைக்காதபடி உறை போடுங்கள். நாத்தனார் பால் கொடுக்கும் முன் மார்பைக் கழுவிவிட்டு, பின்னர் அங்கே மறுபடி தடவிக்கொள்ளட்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். அடுத்த சனிக்கிழமை இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல் தடவையில் தப்பிய முட்டைகள் மூன்று நான்கு நாளில் பொரியும், அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அவற்றைப் பிடிப்பதற்கே இந்த இரண்டாவது சுற்று. ஐவர்மெக்டின் மாத்திரையும் இரண்டு தவணையாகத்தான் தரப்படுகிறது. எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும், கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அது ஆகாது.

துணிகளுக்கு ஊரையே கூட்ட வேண்டாம். கடைசி மூன்று நாட்களில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றை ஞாயிறு காலையில் நன்கு சூடான நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, முடிந்தால் இஸ்திரி போடுங்கள். துவைக்க முடியாத கம்பளியை நெகிழிப் பையில் இறுகக் கட்டி வைத்துவிட்டால், உடம்பின் சூடில்லாமல் பூச்சி சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னும் சற்று நீடிக்கும் என்பதால், உங்கள் மலைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிப்பது பயனற்றது, குழந்தை இருக்கும் வீட்டில் தீங்கும்கூட. தோட்டத்து நாயைக் குறை சொல்ல வேண்டாம். நாய்ச் சொறியின் பூச்சி வேறு வகை, அது மனிதத் தோலில் குடித்தனம் நடத்தாது.

மருந்துக்கடை க்ரீம் பற்றி ஒரு வார்த்தை. அதன் உறையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்பது போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை மட்டும் மறைத்துவிட்டுப் பூச்சியைப் பெருக விடும், தடிப்பின் உருவத்தையும் மாற்றி மருத்துவரையே குழப்பும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை மருந்தென்று கணக்கில் வைத்து நாளைக் கடத்துவதில்தான் ஆட்சேபம்.

முதல் சுற்றுக்குப் பிறகும் அரிப்பு உடனே நிற்காது. செத்த பூச்சிகளும் கழிவும் மேல்தோலோடு உதிர்ந்து போகும் வரை, இரண்டிலிருந்து நான்கு வாரங்கள், குறைந்துகொண்டே வரும் அரிப்பு இருக்கும். இதைத் தோல்வி என்று எண்ணி நாள்தோறும் க்ரீமைத் தடவினால் தோல் எரிந்து, அந்த எரிச்சலே புதிய அரிப்பாகிவிடும். தேங்காய் எண்ணெயும், மருத்துவர் தரும் செட்ரிசின் போன்ற மாத்திரையும் அந்த வாரங்களுக்குப் போதும். புதிய கொப்புளங்கள் தோன்றுகின்றனவா, விரலிடுக்கில் நூல்போன்ற சிறு வளைகோடு புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் புதியவை வந்தால்தான் மறுபடி மருத்துவம் தேவை.

மகனை அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தே தடவுங்கள். ஆனால் அவனுடைய அறைத் தோழர்களும் அதே இரவில் விடுதியில் தடவிக்கொள்ளவில்லையானால், அடுத்த விடுமுறைக்கு அவன் மறுபடியும் அதைக் கொண்டுவருவான். விடுதிக் காப்பாளரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இது அழுக்கால் வருவதன்று, நெருங்கிப் படுப்பதால் வருவது. மகள் முதல் இரவு மருந்துக்குப் பின் திங்களன்றே பள்ளிக்குப் போகலாம்.

சொறிந்த இடத்தில் சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ முதலில் அதற்குச் சிகிச்சை வேண்டும். சீழ்ப்புண் ஆறி ஓரிரு வாரங்களில் குழந்தையின் முகம் காலையில் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் குறைந்து டீ டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, அது சிறுநீரகத்தைத் தொட்ட அறிகுறி. அன்றே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.