வால்வ் ரேடியோவை ஆன்லைன் ஏலத்தில் விற்பது: ரிசர்வ் விலை, கடைசி நிமிடக் கேள்வி, பார்சல் செலவு

கேள்வி: தாத்தாவின் பழைய மர்ஃபி வால்வ் ரேடியோவை ஆன்லைனில் ஏல முறையில் விற்கலாம் என்றிருக்கிறேன். 6,000 ரூபாய்க்குக் கீழே கொடுக்க மனமில்லை. ரிசர்வ் விலை வைக்கலாமா? கடைசி நொடியில் யாரோ வந்து கேட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? பார்சல் செலவு யாருடையது? நான் இருப்பது குடியாத்தம்.

பதில்:

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது எனக்கு மாலை நேர வேலை. அதற்காக ஏலத்தில் வாங்கியும் இருக்கிறேன், சரிசெய்தபின் ஏலத்தில் விற்றும் இருக்கிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் புளியமரத்து மகசூலை ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று சொல்லி, யாரும் வாய் திறக்கவில்லை என்பது உறுதியான பிறகுதான் "மூன்று தரம்" என்பார்கள். இரண்டாவது தரத்துக்குப் பிறகு ஒருவர் தொகையை ஏற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இபே போன்ற தளங்களில் இந்த மூன்று தரம் கிடையாது. குறித்த நொடி வந்ததும் ஏலம் முடிந்துவிடும். நீங்கள் கேட்ட கடைசி நொடிச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான். அதற்கு முன் ரிசர்வ் விலையைப் பார்த்துவிடலாம்.

ரிசர்வ் என்பது நீங்கள் தளத்துக்கு மட்டும் சொல்லிவைக்கும் இரகசியத் தரைவிலை. ஏலம் கேட்பவருக்குத் தொகை தெரியாது. ரிசர்வ் இன்னும் எட்டப்படவில்லை என்ற குறிப்பு மட்டுமே தெரியும். எட்டாமலே நேரம் முடிந்தால் பொருளைக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் இபேயில் இந்த வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டு, பொருள் விற்காமல் போனாலும் அது திரும்பாது. ரிசர்வ் வைத்தால் 500 ரூபாயில் தொடங்கிக் கூட்டம் சேர்க்கலாம் என்பது அதன் கவர்ச்சி. வால்வ் ரேடியோவைப் பொறுத்தவரை அந்தக் கூட்டத்தால் எனக்குப் பயன் விளைந்ததில்லை. உண்மையாக வாங்கக்கூடியவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் இரண்டு முறை தொகையை ஏற்றிப் பார்த்து, அப்போதும் ரிசர்வ் எட்டவில்லை என்றால், விற்பவருக்கு விலையில் பேராசை என்று முடிவு செய்து போய்விடுகிறார்கள். ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரிசர்வை விட்டுவிட்டு, 6,000 ரூபாயையே தொடக்க விலையாக வெளிப்படையாக எழுதிவிடுவேன்.

ரிசர்வ் வைத்தே தீருவது என்றால், நீங்கள் எதிர்பார்க்கும் விலையை அங்கே எழுதாதீர்கள். எந்தத் தொகைக்குக் கீழே போனால் விற்பதைவிட வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும் என்று தோன்றுமோ, அதுதான் ரிசர்வ். பலர் 9,000 கிடைக்கும் என்று நம்பி 9,000 ரூபாயை ரிசர்வாக வைத்துவிட்டு, 8,400 கேட்டவரையும் இழந்து நிற்கிறார்கள்.

தொகை எப்படி ஏறுகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொடக்க விலை 1,000, ரிசர்வ் 6,000, ஒவ்வொரு ஏற்றமும் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தளங்களில் கேட்பவர் தம் உச்சத்தொகையை எழுதிவைத்தால், தேவையான அளவுக்கு மட்டும் தளம் அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். ஆற்காட்டுக்காரர் ஒருவர் 5,000 என்று எழுதுகிறார்; போட்டி இல்லாததால் திரையில் 1,000 தான் தெரியும். ஆம்பூர்க்காரர் 5,200 என்று எழுதியதும், முதலாமவரின் உச்சத்தைத் தாண்டி 5,100 என்று காட்டும். ரிசர்வ் இன்னும் எட்டவில்லை. ஆற்காட்டுக்காரர் விடாமல் தம் உச்சத்தை 7,000 ஆக்குகிறார். வழக்கமான கணக்குப்படி 5,300 தான் காட்ட வேண்டும், ஆனால் அவருடைய உச்சம் ரிசர்வைத் தாண்டியிருப்பதால் தொகை ஒரே தாவலில் 6,000 ஆகிவிடும். முடிய ஆறு நொடி இருக்கும்போது மூன்றாமவர் ஒருவர் 9,000 என்று எழுதுகிறார். 7,100 ரூபாய்க்கு ரேடியோ அவருடையதாகிவிடுகிறது.

இதில் ஆற்காட்டுக்காரர் ஏமாற்றப்பட்டாரா? உண்மையில் 7,000 தான் அவருடைய உச்சம் என்றால் அவர் எதையும் இழக்கவில்லை. மூன்றாமவர் முந்தின நாளே வந்திருந்தாலும் முடிவு இதுவேதான். அவர் மனத்தில் 7,500 வைத்துக்கொண்டு, "யாராவது தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று 7,000 எழுதியிருந்தால்தான் அந்த ஆறு நொடி அவருக்கு எதிராகிறது, ஏனென்றால் திரும்ப வந்து ஏற்ற நேரம் இல்லை. அப்போதும் பொருள் மூன்றாமவருக்குத்தான் போகும், ஆனால் அவர் 7,600 கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த 500 ரூபாய் இழப்பு உங்களுடையது, விற்பவருடையது.

கேட்பவராக நிற்கும்போது நான் கடைசி நொடியில் கேட்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே கேட்டால், துண்டு துண்டாக ஏற்றுபவர்களின் ஆவலை நாமே தூண்டிவிட்டது போலாகும். அதற்குப் பதிலாக உச்சத்தொகையை முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதை ஒரே முறை, கடைசிப் பத்து நொடிக்குள் பதிவிடுகிறேன். தொகையை 7,000 என்று முழு ஆயிரமாக எழுதாமல் 7,055 என்பது போல எழுதுவது வழக்கம். இருவர் ஒரே உச்சத்தை எழுதினால் முதலில் எழுதியவருக்குத்தான் பொருள் போகும், கடைசியில் வருபவருக்கு அந்தச் சமநிலை ஒருபோதும் சாதகமாகாது.

இந்தப் பழக்கம் எதனால் வருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குறித்த நேரத்தில் முடியும் இபே ஏலங்களையும், கடைசியில் கேள்வி வந்தால் பத்து நிமிடம் நீளும் அன்றைய அமேசான் ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். கடைசி நேரக் கேள்விகள் இபேயில்தான் வெகு அதிகமாக இருந்தன. நம் ஊர்ப் புளியமர ஏலத்தில் ஏன் யாரும் கடைசி நொடிக்காகக் காத்திருப்பதில்லை என்பதற்கும் இதுவே விடை.

இபேயின் இந்தியத் தளம் 2018 இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது நம்மவர்களின் ஏலங்கள் பெரும்பாலும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சேகரிப்பாளர் குழுக்களில்தான் நடக்கின்றன. அங்கே விதியை எழுதுபவர் நீங்களே என்பதால் மூன்று தரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். நான் இப்படி எழுதுவேன்: "ஞாயிறு இரவு 9 மணிக்கு ஏலம் முடியும். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கேள்வி வந்தால், அந்தக் கேள்வியிலிருந்து ஐந்து நிமிடம் நீளும். ஐந்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால் முடிந்தது." வாட்ஸ்அப்பில் நீட்டிப்பு இல்லாத ஏலம் நடத்தவே கூடாது. அங்கே நேரம் நிமிடக் கணக்கில்தான் தெரியும், நொடி தெரியாது. சிக்னல் சரியில்லாதவர் 8:59க்கு அனுப்பியது உங்களுக்கு 9:01க்கு வந்து சேர்ந்தால், யார் முந்தியவர் என்ற சண்டைக்கு முடிவே இராது.

குழுக்களில் இன்னொரு கெட்ட பழக்கம், ரிசர்வுக்குப் பதிலாக மைத்துனரையோ நண்பரையோ விட்டுத் தொகையை ஏற்றுவது. அது மோசடி, தளங்களும் தடைசெய்திருக்கின்றன. ஒருவர் உங்கள் பொருள்களில் மட்டும் எப்போதும் கேட்டு, எப்போதும் இரண்டாமிடத்தில் நின்றுவிடுவதைச் சேகரிப்பாளர்கள் இரண்டு மூன்று ஏலத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி பார்சல். நான் அதிகம் சூடுபட்டது இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசை ரேடியோவை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். பேக்கிங்கோடு 8 கிலோ. கூரியர் கடையில் கிலோவுக்கு 50 ரூபாய் என்றார்கள். ஆகவே "பார்சல் 400 ரூபாய், இந்தியா முழுவதும்" என்று எழுதி ஏலம் விட்டேன், நாக்பூர்க்காரர் எடுத்தார். பெட்டியைக் கொண்டுபோனபோது அவர்கள் தராசைப் பார்க்கவே இல்லை, டேப்பை எடுத்தார்கள். நீளம் 60, அகலம் 40, உயரம் 45 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 1,08,000. கூரியர்காரர்களின் பருமன் கணக்குப்படி அதை 5,000 ஆல் வகுத்தால் 21.6, ஆக 22 கிலோவுக்கு 1,100 ரூபாய். எழுதியது எழுதியதுதான் என்பதால் மீதி 700 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. எடை, பருமன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வால்வ் ரேடியோ என்பது பெரும்பாலும் காற்று நிறைந்த மரப்பெட்டி, ஆகவே பருமன்தான் எப்போதும் வெல்லும்.

அதனால் ஏலத்தை அறிவிப்பதற்கு முன்பே பெட்டியைக் கட்டி, அளந்து, சென்னை, மும்பை, கொல்கத்தா என்று மூன்று ஊர்களுக்குக் கட்டணம் கேட்டு, அந்தத் தொகைகளையே அறிவிப்பில் எழுதுங்கள். வாங்குபவர் ஏற்பதாகவும் எழுதுங்கள். செலவு குறைய வேண்டும் என்பவருக்கு லாரி பார்சல் ஆபீஸ் மூலம் "டு பே" முறையில் அனுப்பலாம். வாடகையை அவர் அங்கே கட்டி, கோடவுனுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். குடியாத்தத்திலோ காட்பாடி ரயில் நிலையத்திலோ நேரில் வந்து எடுத்தால் பார்சல் செலவு இல்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். ரேடியோவைப் பாட வைத்துக் காட்டிக் கொடுப்பதற்கு ஈடான உத்தரவாதம் வேறில்லை.

கேட்பவரும் இந்தச் செலவைத் தம் உச்சத்திலிருந்து முதலிலேயே கழித்துக்கொள்கிறார் என்பதை மறக்க வேண்டாம். வீடு வந்து சேர 8,000 ரூபாய் என்று நினைப்பவர், பார்சல் 1,100 என்றால் 6,900 தான் எழுதுவார். பார்சல் தொகையைச் சொல்லாமல் "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று விட்டால், அவர் அதை 2,000 என்று பயந்து கணக்கிட்டு 6,000 தான் எழுதுவார். பெட்டியை அளக்காத சோம்பலுக்கு நீங்கள் 900 ரூபாய் கொடுத்ததாகிறது.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே எழுத வேண்டும். என் விதி இது: பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுத்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், உடைந்ததற்கு நான் பொறுப்பு, வீடியோ இல்லையென்றால் இல்லை. இந்த விதியைத் தாங்க வேண்டுமானால் பேக்கிங் உறுதியாக இருக்க வேண்டும். வால்வுகளைக் கழற்றி, எந்தக் குழியில் எது என்று குறித்து, தனித்தனியே சுற்றி வேறு சிறு பெட்டியில் வையுங்கள். உள்ளே பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸை ரேடியோவின் மரப்பெட்டியோடு பிணைக்கும் திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் கனம் முழுவதும் அவற்றில்தான் தொங்குகிறது, ஒன்று தளர்ந்திருந்தாலும் வழியில் சேசிஸ் முன்னால் சரிந்து டயல் கண்ணாடியை உடைத்துவிடும். பெட்டியை மூடுவதற்கு முன் ஒருமுறை தூக்கி மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் தட்டும் ஓசை கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.