தெருக்கடையில் வாங்கும் முன் ஐந்து நிமிடம்

கேள்வி: வேலை முடிந்து வரும் வழியில் ஒரு தெருக்கடையில் சூடாகப் பொரித்த பண்டமும், பக்கத்திலேயே ஒரு கிண்ணம் வெட்டிய பழமும் சாப்பிடுவேன். கூட்டம் இருக்கும் கடைதான். ஆனாலும் இரண்டு மாதத்தில் மூன்று முறை மறுநாள் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. எண்ணெய்தான் காரணமா? கடையை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் விஷயத்தில் எண்ணெயைவிடப் பழத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். 170, 180 டிகிரியில் காயும் எண்ணெயில் நன்றாக வெந்து, நேராக உங்கள் கைக்கு வரும் பண்டத்தில் கிருமி பிழைத்திருப்பது அரிது. பழைய எண்ணெயின் கெடுதல் வேறு வகை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது கொழுப்பு சிதைந்து சேரும் பொருள்கள் நாள்பட உடம்புக்கு ஆகாதவை. அதற்காக நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாவும் மசாலாவும் உதிர்ந்து நல்ல எண்ணெயையும் கறுக்க வைக்கும். நுரையைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் பண்டத்தைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழும், எடுத்ததும் அடங்கிவிடும். கெட்ட எண்ணெயில் சோப்பு நுரை மாதிரி பொடி நுரை பொங்கி, பண்டத்தை எடுத்த பிறகும் நிற்கும். எதையும் போடுவதற்கு முன்பே கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் அந்தச் சட்டியை விட்டுவிடுங்கள்.

பழத்தில் நிலைமை தலைகீழ். அதை யாரும் வேகவைப்பதில்லை. தர்பூசணியும் முலாம்பழமும் மண்ணில் கிடந்து காய்ப்பவை. தோலைக் கழுவாமல் வெட்டினால், தோலில் உள்ள கிருமியைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோகிறது. அந்தச் சதையில் ஈரமும் சர்க்கரையும் உண்டு, புளிப்பு மிகக் குறைவு. சால்மோனெல்லா போன்றவை பெருக இது போதும். பப்பாளியும் அப்படித்தான். அன்னாசியின் புளிப்பு பாக்டீரியா பெருகுவதைத் தடுக்கும். ஆனால் கையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்து ஒட்டிய வைரஸை அது ஒன்றும் செய்யாது. வெட்டிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

எப்போது வெட்டியது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, துண்டே சொல்லும். புதுத் துண்டின் விளிம்பு கூராக இருக்கும். நேரம் ஆக ஆக முனை மழுங்கும், மேல்பரப்பு வழவழக்கும், தட்டின் அடியில் சாறு தேங்கும். இதை மறைக்கத்தான் அடிக்கடி தண்ணீர் தெளிப்பது. மேலே துளிகள் மினுங்க, சதை மட்டும் மங்கிக் கிடந்தால் ஒதுக்குங்கள். தெளித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கவலை. ஐஸ் மேல் வைத்திருப்பதும் உத்தரவாதம் அல்ல. அடித்துண்டு மட்டுமே குளிரும், மேல்துண்டு வெயிலில்தான் இருக்கும். உறைந்த தண்ணீரிலும் கிருமி உயிரோடு இருக்கும், உருகும்போது பழத்தில் இறங்கும்.

கூட்டம் உள்ள கடையில் சரக்கு சீக்கிரம் தீரும் என்பது பொரித்த பண்டத்துக்குப் பொருந்தும். பழத்தட்டில் புதுத் துண்டுகளைப் பழையவற்றின் மேலேயே கொட்டினால் அடியில் உள்ளது காலையிலிருந்து அங்கேயே கிடக்கும். தட்டு காலியான பிறகு நிரப்புகிறாரா என்று பாருங்கள்.

அடுத்து கை. உங்களுக்கு முன்னால் நிற்பவருக்குப் பரிமாறுவதை முழுதாகக் கவனியுங்கள். காசு வாங்கிய கை அடுத்து எதைத் தொடுகிறது? இடுக்கியா, பழமா? கையுறை போட்டிருந்தாலும், அதே கையுறையோடு காசு வாங்கினால் வெறுங்கைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பிறகு தட்டு கழுவும் வாளி. ஒரே வாளியில் தட்டுகளை முக்கி எடுத்து ஈரத்தோடு நீட்டினால், சட்டியில் செத்த கிருமிக்குப் பதில் வாளியிலிருந்து புதிது வந்து சேரும்.

உங்கள் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். நுரை சரியாக இருந்து, பண்டம் சட்டியிலிருந்து இடுக்கியால் நேராக உலர்ந்த காகிதத்துக்கு வந்தால் வாங்கலாம். மேலே தூவும் பச்சை வெங்காயம் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அதுவும் முன்கூட்டியே வெட்டி வைத்தது, வேகாதது. பழம் வேண்டுமென்றால் நீங்களே உரிக்கும் வாழைப்பழமோ ஆரஞ்சோ வாங்குங்கள். வெட்டித்தான் வேண்டும் என்றால், முழுப் பழத்தையும் கத்தியையும் ஓடும் தண்ணீரில் கழுவி உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். துணி போர்த்தி வைத்த பாதிப் பழத்திலிருந்து வெட்டித் தந்தால் அது புதிது ஆகாது, அந்தப் பாதி எப்போது திறந்ததோ அப்போதே அதன் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது.