தகுதியில்லை என்ற அச்சத்தை எழுதிச் சோதித்தல்

"வேலைக்குச் சேர்ந்து 4 மாதம்தான் ஆகிறது, தகுதியில்லாமல் நுழைந்துவிட்டேன், விரைவில் மாட்டிக்கொள்வேன் என்றே தோன்றுகிறது. சிந்தனை மறுசீரமைப்பு உதவுமா?"

உதவும், ஆனால் "நான் திறமைசாலி" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதன்று அந்தப் பயிற்சி; வருத்தும் எண்ணத்தைச் சான்றுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவதே அது. இவ்வுணர்வில் வெற்றி அதிர்ஷ்டத்தின் கணக்கிலும், பிழை தகுதியின்மையின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. எழுதிச் சரிபார்க்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

உங்கள் அறிக்கையில் மேலாளர் 9 திருத்தங்கள் குறித்தார் என்று கொள்வோம். "நான் ஏமாற்றுகிறேன்" என்ற எண்ணத்தை அப்படியே எழுதி, அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றும், 90 விழுக்காடு என்பதுபோல், குறியுங்கள். பின்னர் திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தால், 7 வடிவமைப்பு பற்றியவை, 2 மட்டுமே கணக்கீட்டுப் பிழைகள் என்று தெரியவரலாம். "வடிவமைப்பைக் கற்று வருகிறேன்; கணக்கீட்டில் இரண்டிடம் கவனம் தேவை" என்று எழுதியபின் அந்த முதல் எண்ணத்தின் மீதான நம்பிக்கை 50க்கு இறங்கினாலே போதும். எண் அசையவே இல்லையென்றால், நீங்கள் எழுதியது பெரும்பாலும் சான்றில்லாத ஆறுதலாக இருக்கும். அந்த 2 பிழைகளுக்கோ தேவைப்படுவது தொழிற்பயிற்சியே.