நள்ளிரவு லீவு மெசேஜில் தேதி, வேலை, அடுத்து சொல்லும் நேரம்

கேள்வி: பையனுக்கு டெங்கு, அட்மிட் பண்ணியிருக்கோம். வராண்டாவில் உட்கார்ந்து ஆபீஸுக்கு லீவு மெசேஜ் டைப் பண்றேன், மணி பன்னிரண்டைத் தாண்டிடுச்சு. எதை எழுதணும், எதை விடணும்னு புரியல.

பதில்:

முதலில் "நாளை" என்ற சொல்லை அழித்துவிடுங்கள். லீவு மெசேஜில் அதிகத் தகராறு வருவது அந்த ஒரு சொல்லால்தான். நீங்கள் தூங்காததால் உங்களுக்கு இன்னும் செவ்வாய் இரவு. செல்போனுக்குப் புதன் பிறந்துவிட்டது. மேலாளர் அதைப் படிப்பது புதன் காலை ஏழு மணிக்கு. அவருக்கு "நாளை" என்றால் வியாழன். புதனன்று நீங்கள் வராதபோது வருகைப் பதிவேட்டில் சொல்லாமல் வராதவர் என்று விழும். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

"குழந்தை உள்ளே படுத்திருக்கும்போது இவ்வளவு யோசிக்கணுமா" என்று யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்காளர். மகனுக்குச் சனிக்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. டிசம்பர் 9, செவ்வாய் மாலை காய்ச்சல் இறங்கியது. ஆனால் வயிற்றுவலியும் வாந்தியும் வந்ததால் இரவு சேர்த்துவிட்டார்கள். 12:20-க்கு அவர் முதலில் தட்டியது இது: "சார், பையனுக்கு உடம்பு சரியில்லை. நாளை வர முடியாது. லீவு வேண்டும்." எத்தனை நாள் என்று இல்லை, வேலை யாரிடம் என்று இல்லை. அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். அதில் பிளேட்லெட் எவ்வளவு, எந்த டாக்டர் என்ன சொன்னார், வீட்டில் யார் அழுகிறார்கள் என்று இருபது வரி. மன்னிப்பு மட்டும் மூன்று இடத்தில். அதைப் படிக்கிறவர் கடைசியில் தேட வேண்டியதும் எத்தனை நாள், வேலை யாரிடம் என்பதைத்தான்.

எத்தனை நாள் என்று கேட்பதில் டெங்கு ஏமாற்றும். காய்ச்சல் விட்டுவிட்டது, இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று தோன்றும். டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய நேரமே காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், அதன்பின் 24 முதல் 48 மணி நேரம் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அபாயம் இருக்கிறது. அதனால்தான் குழந்தை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பிளேட்லெட்டும், ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் ஹெமாடோக்ரிட்டும் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கில் அந்தப் பையனுக்கு வியாழன் மாலை வரை கண்காணிப்பு. ஆகவே புதன், வியாழன் இரண்டு நாளையும் உறுதியாக எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமையைப் பற்றி இப்போது வாக்குக் கொடுக்கக் கூடாது. எப்போது சொல்வேன் என்பதை மட்டும் எழுதினால் போதும். "சரியானதும் வருகிறேன்" என்று எழுதினால் மேலாளர் தினமும் போன் செய்து கேட்பார். "வியாழன் மாலை 5 மணிக்குள் சொல்கிறேன்" என்றால் அதுவரை பொறுத்துக்கொள்வார்.

அடுத்தது எந்த லீவு என்பது. அவசரத்தில் பலர் "சிக் லீவு" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. நோய் விடுப்பு ஊழியருக்கே வந்த நோய்க்கு, அவருக்கே நேர்ந்த விபத்துக்கு. குழந்தைக்கு நோய் என்றால் எடுக்க வேண்டியது தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல். தவறாக எழுதினால் பிறகு உங்கள் பெயரில் மருத்துவச் சான்று கேட்பார்கள், உங்கள் கையில் இருப்பதோ மகன் பெயரில் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி. இ.எஸ்.ஐ.யிலும் இதே நிலைதான்: குழந்தைக்குச் சிகிச்சை உண்டு, ஆனால் நோய்க்கால உதவித்தொகை காப்பீட்டாளர் தானே நோயுற்றால் மட்டும்.

மூன்றாவது, வேலை. செய்கிற எல்லா வேலையையும் எழுத வேண்டாம். நீங்கள் இல்லாத நாட்களில் கெடு முடிகிற வேலை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். இந்தக் கணக்காளருக்கு அது வியாழன், 11-ஆம் தேதி தாக்கல் செய்ய வேண்டிய GSTR-1, அதாவது ஜி.எஸ்.டி.க்கான மாதாந்திர விற்பனைக் கணக்கு. அந்தத் தேதி தப்பினால் கடையில் சரக்கு எடுத்தவர்களுக்கு 14-ஆம் தேதி வரும் வரி வரவுப் பட்டியலான GSTR-2B-யில் இந்தப் பில்கள் ஏறாது, அவர்களுடைய வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும், போன் மேல் போன் வரும். அதைவிட முக்கியம், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பதிந்திருப்பது அவருடைய நம்பர். தாக்கலுக்கான ஓ.டி.பி. வந்து விழுவது ஆஸ்பத்திரி வராண்டாவில் இருக்கும் இந்த போனில். இதை எழுதாமல் விட்டால் கடையில் எல்லாம் தயாராக இருந்தும் கடைசிப் பொத்தானில் நின்றுவிடும்.

கடைசியில் அவர் அனுப்பியது:

"சார், மகனை டெங்குவுக்காக இரவு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டிச. 10 புதன், 11 வியாழன் இரண்டு நாளும் சி.எல். எடுத்துக்கொள்கிறேன். வெள்ளி வருவேனா என்பதை வியாழன் மாலை 5 மணிக்குள் சொல்கிறேன். GSTR-1-க்கு 11-ஆம் தேதி வியாழன்தான் கடைசி. பில்கள் டாலியில் ஏற்றியாயிற்று, இரண்டு கிரெடிட் நோட் மட்டும் பாக்கி, என் மேஜை இடது டிராயரில் இருக்கின்றன. ஓ.டி.பி. என் நம்பருக்கு வரும். அனுப்பும் முன் போன் செய்யச் சொல்லுங்கள். காலை 8 முதல் 9 வரை டாக்டர் ரவுண்ட்ஸ், அப்போது எடுக்க முடியாது."

  

நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, "மகன் ஆஸ்பத்திரியில்" என்றாலே போதும். டெங்கு என்றால் நாள் கணக்கு படிப்பவருக்கும் புரியும் என்பதால் இங்கே சேர்த்தார். ரிப்போர்ட் போட்டோ, டிரிப்ஸ் ஏறும் கையின் போட்டோ எதுவும் வேண்டாம். சில இடங்களில் ஆதாரம் அனுப்பு என்று அந்த ராத்திரியிலேயே கேட்கிறார்கள். ஊசி குத்திய கையோடு படுத்திருக்கும் குழந்தையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது கொடுமை. டிஸ்சார்ஜ் சம்மரியை வேலைக்குத் திரும்பும் நாளில் காட்டினால் போதும், அதுவரை கேட்பவரிடம் அதையே சொல்லுங்கள்.

மெசேஜை மேலாளருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட்டால் நாற்பது பேரின் ஆறுதலுக்கு அடியில் அது புதைந்துவிடும். அனுப்பியபின் ஒற்றை டிக்காகவே நின்றால் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். காலையில் இரண்டாவது டிக் விழுந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ரவுண்ட்ஸ் தொடங்குமுன் ஏழரை மணிக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.