பொம்மை டிரம்மும் தகரக் குழலும்

அன்புள்ள சார்,
பழைய போர்கள பத்தி படிக்கறப்ப எல்லாம் பேண்டு, டிரம்மு, பேக்பைப்னு வருது. பரேடுக்கு அழகுக்காகன்னா புரியுது. ஆனா அது வீரர்களுக்கு தெம்பு குடுத்துச்சு, படைய சேர்ந்து நடக்க வெச்சுதுன்னு சொல்றதெல்லாம் நிஜமா, இல்ல பின்னாடி வந்தவங்க கட்டிவிட்ட கதையா?
உங்க வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி நிஜம், பாதி கதை. நிஜமான பாதிக்கு எனக்கு புடிச்ச உதாரணம் ஒரு பொம்மைக் கடைல நடந்தது.

1914 ஆகஸ்ட், முதல் உலகப்போர் ஆரம்பிச்சு ஒரு மாசம் கூட ஆகல. பிரிட்டிஷ் படை பெல்ஜியத்துல மோன்ஸ்ல இருந்து பின்வாங்கிட்டு இருக்கு, 26ஆம் தேதி லே கத்தோல செம அடி, அடுத்த நாள் பிரான்ஸ்ல சேன் கன்டேன்ங்கற ஊர்ல வார்விக்ஷயர், டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ரெண்டு பட்டாலியன்லயும் மிஞ்சினவங்க தூக்கமில்லாம சோறில்லாம அப்படியே விழுந்து கிடக்காங்க. ஜெர்மன்காரன் பின்னாடியே வர்றான். அவங்க கர்னல் ரெண்டு பேரும், ஊர் பாழாயிடக்கூடாதுன்னு மேயர் கெஞ்சினதுக்கு ஒத்துக்கிட்டு, சரணடையறோம்னு எழுதியே குடுத்துட்டாங்க. (ரெண்டு பேருக்கும் பின்னாடி ராணுவ கோர்ட்ல வேலை போச்சு, அதுல எல்கிங்டன்ங்கறவர் பிரெஞ்சு ஃபாரின் லீஜியன்ல சாதா சிப்பாயா சேர்ந்து சண்டை போட்டு காயம்பட்டு 1916ல பதவிய திரும்ப வாங்கினார், அது தனி கதை.)

அங்க வந்தவர்தான் குதிரைப்படை மேஜர் டாம் பிரிட்ஜஸ். சரணடையற பேப்பர மேயர்கிட்ட இருந்து புடுங்கிட்டார், நிஜமாவே நடக்க முடியாதவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணார். ஆனா ஊர் நடுவுல சதுக்கத்துல கிடந்தவங்க அசையவே இல்ல, கத்தியும் பாத்தாச்சு கெஞ்சியும் பாத்தாச்சு. பேண்டு இருந்தா எழுப்பலாம், ஆனா பேண்டு ஏது? அன்னைக்கு பிரிட்டிஷ் வழக்கப்படி போர்னு வந்துட்டா பேண்டுக்காரங்க ஸ்ட்ரெச்சர் தூக்கப் போயிடுவாங்க, வாத்தியமெல்லாம் ஊர்லயே கிடக்கும். பிரிட்ஜஸ் கண்ணுல ஒரு பொம்மைக் கடை பட்டுச்சு. ஒரு பொம்மை டிரம், ஒரு தகரக் குழல் வாங்கி தன்னோட டிரம்பெட்காரரையும் கூட்டிக்கிட்டு பிரிட்டிஷ் கிரனேடியர்ஸ், டிப்பரரின்னு ரெண்டு பாட்டையும் வாசிச்சுக்கிட்டே சதுக்கத்த சுத்தி சுத்தி வந்தார். படுத்திருந்தவன் எழுந்து உக்காந்தான், சிரிச்சான், கத்தினான், அப்பறம் எழுந்து வரிசைல நின்னான். ராத்திரி கிளம்பினாங்க, வழில ரெண்டு மவுத் ஆர்கனும் சேர்ந்துச்சு. ஊர தாண்டினதும் வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு கிளம்பலாம்னு பாத்தா, அவர விடமாட்டேன்னுட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, முதல்ல வேலை செஞ்சது தாளம் இல்ல, சிரிப்பு. மீசை வெச்ச மேஜர் பொம்மை டிரம்மோட சுத்தினா எவன் சும்மா கிடப்பான். தாளம் அதுக்கப்பறம், ரோட்டுலதான் உதவிச்சு. எப்படின்னா, அன்னைக்கு பிரிட்டிஷ் கணக்குல நிமிஷத்துக்கு 120 காலடி, ஒரு காலடி 30 இன்ச், அப்போ நிமிஷத்துக்கு 100 கஜம். மணிக்கு 50 நிமிஷம் நடந்து 10 நிமிஷம் நின்னா சுமார் நாலரை கிலோமீட்டர். இத எல்லாரும் ஒரே மாதிரி நடந்தாத்தான் படை நீளாது. முன்னாடி ஒருத்தன் கொஞ்சம் தயங்கினா அவன் பின்னாடி இருக்கறவன் நிப்பான், அந்த தயக்கம் பெருசாகிக்கிட்டே போகும், கடைசில இருக்கறவன் சிக்னல்ல மாட்டின பஸ் மாதிரி நின்னு நின்னு ஓடணும். முதல்ல விழறதும் அவன்தான். டிரம் அடிச்சா அடுத்த அடி எப்போங்கறத களைச்சுப்போன மூளை யோசிக்க வேண்டாம், கால் பாத்துக்கும்.

ஆனா முன்னாடி ஒரு பேண்ட போட்டா படை முழுக்க ஒரே கால்ல நடந்துடும்னு நினைக்காதீங்க. சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 120 காலடி வேகத்துல ஒரு காலடிக்கு அரை வினாடி, அப்போ 85 மீட்டர் பின்னாடி இருக்கறவனுக்கு தாளம் அரை அடி லேட்டு, முன்னாடி இருக்கறவன் கால் தரைல பட்டப்போ இவன் கால் அந்தரத்துல இருக்கும். 170 மீட்டர்ல ஒரு முழு அடி லேட்டு, அதாவது அவன் வலது கால் வெக்கறப்ப இவன் இடது. பட்டாலியன் வரிசை சில நூறு மீட்டர் நீளும், அதனால கம்பெனிக்கு கம்பெனி டிரம்மர் தேவைப்பட்டுச்சு. நெடுந்தூர நடைல ஸ்டெப்பே கட்டாயமில்ல, பேசிக்கிட்டு பாடிக்கிட்டு வரலாம்னு விட்டுடுவாங்க.

சேர்ந்து நடக்கறது ஆபத்தாவும் முடியும். 1831 ஏப்ரல்ல மான்செஸ்டர் பக்கத்துல பிராட்டன் தொங்குபாலத்துல 60வது ரைஃபிள்ஸ் படைப்பிரிவு ஆட்கள் 74 பேர் வந்துட்டு இருந்தாங்க. பாலம் கால் வேகத்துக்கு ஆடறது அவங்களுக்கு ஜாலியா இருந்துச்சு, மார்ச் டியூன விசிலடிச்சு இன்னும் ஓங்கி மிதிச்சாங்க. ஏற்கனவே ஒழுங்கா செய்யாத ஒரு போல்ட் உடைஞ்சு சுமார் 40 பேர் ஆத்துல, நல்லவேளையா உயிர் போகல. அதுக்கப்பறம் பாலம் வந்தா ஸ்டெப்ப கலைச்சு நடங்கன்னு பிரிட்டிஷ் ராணுவத்துல உத்தரவே போட்டுட்டாங்க.