டிஸ்கவுண்ட் செய்த பில் திரும்பி வந்தால்: கேள்வி பதில்

பெகுவிலிருந்து ஒரு மாணவி: அக்கா, சரக்கு விற்றபோதே வாங்கினவர் பேரில் கடன் எழுதிவிட்டோம். அவர் பில்லில் கையெழுத்துப் போட்டதும் இன்னொரு பதிவு ஏன்? ஒரே கடனை இரண்டு தடவை எழுதின மாதிரி இல்லையா?

இல்லை தங்கச்சி. கடன் ஒன்றுதான், அது இருக்கும் இடம்தான் மாறுகிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கும் இதையே வைத்துப் பதில் சொல்கிறேன். யாங்கோனில் ஒரு வியாபாரி, பருப்பு மில் வைத்திருப்பவருக்கு 60 லட்சம் கியாட்டுக்கு உளுந்து விற்கிறார். அன்று மில்காரர் பேரில் பற்று, விற்பனையில் வரவு. பிறகு ஜனவரி 11 தேதியிட்டு, மூன்று மாதத்தில் இந்தத் தொகையைக் கட்டு என்று சொல்லும் பில் ஒன்றை எழுதி மில்காரருக்கு அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததாலேயே மில்காரர் பில்லுக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். 'ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும்வரை வியாபாரி எந்தப் பதிவும் போடக் கூடாது. பலர் பில் எழுதின தேதியிலேயே பதிவு போடுகிறார்கள், அது தவறு.

கையெழுத்து வந்ததும் வியாபாரியின் ஏட்டில் பெறவேண்டிய பில் கணக்கில் 60,00,000 பற்று, மில்காரர் கணக்கில் அதே தொகை வரவு. மில்காரர் ஏட்டில் வியாபாரி கணக்கில் பற்று, செலுத்தவேண்டிய பில் கணக்கில் வரவு. இப்போது மில்காரரின் பேரேட்டுப் பக்கத்தில் பாக்கி இல்லை. பாக்கி முழுதும் பில்லில் இருக்கிறது. இதை மனதில் வை, கெடு நாளில் பணம் கட்டாமல் பில் திரும்பும்போது தேவைப்படும்.

யாங்கோனிலிருந்து ஒரு மொத்த வியாபாரி: நான் பில்லைக் கெடுவுக்கு முன்னாலேயே வங்கியில் கொடுத்து டிஸ்கவுண்ட் பண்ணிக் காசு வாங்கியாச்சு. வங்கி வட்டியும் பிடிச்சாச்சு. இனி அது வங்கிக்கும் வாங்கினவருக்கும் உள்ள விவகாரம்தானே?

பாதி சரி அண்ணாச்சி. கெடு நாளில் பணம் கேட்டு மில்காரரிடம் போகிறவர் வங்கிதான், நீங்கள் இல்லை. ஆனால் அவர் கொடுக்காவிட்டால் வங்கி உங்களிடம் வரும். பில்லை எழுதினவர் நீங்கள், அதன் முதுகில் கையெழுத்துப் போட்டு வங்கியிடம் கொடுத்தவரும் நீங்கள். இரண்டு கையெழுத்தும் உங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன.

நம் உதாரணத்தில் வியாபாரி ஒரு மாதம் பில்லைக் கையில் வைத்திருந்து, கெடுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வங்கியில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 60 லட்சத்துக்கு இரண்டு மாத டிஸ்கவுண்ட் 1,20,000. வங்கிக் கணக்கில் 58,80,000 பற்று, டிஸ்கவுண்ட் செலவில் 1,20,000 பற்று, பெறவேண்டிய பில்லில் 60,00,000 வரவு. பில் ஏட்டை விட்டுப் போய்விட்டது. பொறுப்பு மட்டும் போகவில்லை. இந்த நடுவில் மார்ச் 31 வந்து கணக்கை முடித்தால், அந்த 60 லட்சத்தை ஐந்தொகையின் அடியில் குறிப்பாகக் காட்ட வேண்டும்: டிஸ்கவுண்ட் செய்த, இன்னும் கெடு வராத பில் இவ்வளவு என்று. கடன் கொடுக்கிறவர்கள் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

பெகு மாணவியே மறுபடியும்: அப்போ பில் திரும்பினால் வங்கி கொடுத்த 58,80,000-ஐத்தானே திருப்பிக் கேட்கும்? டிஸ்கவுண்ட் பதிவையும் ரத்து பண்ணணுமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். தேர்வில் அதிகமாக மதிப்பெண் போவது இங்கேதான். வங்கி வாங்கியது 60 லட்சத்துக்கான பில், அதனால் முழு 60 லட்சத்தையும் கேட்கும். பிடித்த 1,20,000 இரண்டு மாதம் பணம் கொடுத்து வைத்ததற்கான கூலி. அந்த இரண்டு மாதமும் வியாபாரி பணத்தை அனுபவித்துவிட்டார், செலவு செலவுதான்.

அத்தோடு நோட்டரி கட்டணமும் சேரும். பில் திரும்பியது என்று நோட்டரி குறித்துக் கொடுக்க 15,000 ஆனது என்று வை. வங்கி அதை முதலில் கட்டிவிட்டு வியாபாரி கணக்கில் மொத்தமாக 60,15,000 எடுத்துக்கொள்ளும். பதிவு ஒரே வரி:

மில்காரர் கணக்கு, பற்று 60,15,000
வங்கிக் கணக்கு, வரவு 60,15,000

பெறவேண்டிய பில் கணக்கை இங்கே தொடவே கூடாது. டிஸ்கவுண்ட் செய்த அன்றே அது மூடிவிட்டது, இப்போது அதில் வரவு வைத்தால் இல்லாத பில்லைக் கழித்ததாகும். பில்லை டிஸ்கவுண்ட் செய்யாமல் பெட்டியிலேயே வைத்திருந்து திரும்பியிருந்தால்தான் அந்தக் கணக்கில் வரவு. அந்தப் பில்லையே வேறு ஒருவருக்குக் கடனுக்கு ஈடாகக் கொடுத்திருந்தால் வங்கியின் இடத்தில் அவர் பெயர் வரும். மூன்றிலும் மில்காரர் பக்கத்துப் பற்று மாறாது. 'பில் இப்போது யார் கையில் இருக்கிறது?' என்று கேட்டுக்கொள், வரவு யாருக்கு என்பது தானாக வந்துவிடும்.

மோல்மீனிலிருந்து ஒரு மில்காரர்: நான் கையெழுத்துப் போடுகிற பக்கம். அவர் பில்லை வங்கியில் கொடுத்ததே எனக்குத் தெரியாது. என் ஏட்டில் எப்போது எழுதுவது?

எழுதவே வேண்டாம். அவர் டிஸ்கவுண்ட் செய்தாலும், இன்னொருவருக்குக் கைமாற்றினாலும் உங்கள் ஏட்டில் ஒரு வரியும் வராது. நீங்கள் பணம் கட்ட வேண்டியது கெடு நாளில் பில்லைக் கொண்டுவருகிறவரிடம், அவ்வளவுதான்.

கட்ட முடியாமல் போனால் செலுத்தவேண்டிய பில்லில் 60,00,000 பற்று, நோட்டரி செலவில் 15,000 பற்று, வியாபாரி கணக்கில் 60,15,000 வரவு. அந்த 15,000-ஐ விட்டுவிடாதீர்கள். முதலில் வங்கி கட்டியது, பிறகு வியாபாரி கட்டியது, கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். இதை எழுதாமல் விட்டால் இரண்டு பேர் பேரேடும் சரியாக அந்தத் தொகைக்கு ஒத்துப்போகாது. கணக்குத் தீர்க்க உட்காரும்போது சண்டை அதில்தான் தொடங்கும்.

வங்கியில் பில் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்: கெடு நாள் திஞ்சானில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள் அம்மா. விடுமுறை முடிந்த அடுத்த வேலைநாளில் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

நல்ல இடத்தில் வந்தீர்கள் ஐயா. ஜனவரி 11 பில், மூன்று மாதம் என்றால் ஏப்ரல் 11. இங்கே இன்னும் இருப்பது 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம்தான், அதன்படி மூன்று சலுகை நாள் சேர்த்தால் ஏப்ரல் 14. அது திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் நடுவில். விடுமுறையில் கெடு விழுந்தால் முந்திய வேலைநாளுக்கு இழுக்க வேண்டும் என்கிறது சட்டம், பிந்தியதற்கு அல்ல. 13-ஆம் தேதியே விடுமுறை தொடங்கினால் கெடு 12, அது ஞாயிறாக இருந்தால் இன்னும் முன்னால். மில்காரர் 14 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருக்கலாம், பில் அதற்குள் திரும்பியிருக்கும்.

வங்கிக்கும் இதில் ஆபத்து உண்டு. கெடு நாளில் பில்லைக் காட்டிப் பணம் கேட்காமல் திருவிழா முடிந்து கேட்டால், ஏற்றவரின் பொறுப்பு அப்படியே நிற்கும், ஆனால் எழுதினவர் 'என்னிடம் வராதே' என்று சொல்ல இடம் கிடைக்கும். அறிவிப்பும் அப்படித்தான். பில் திரும்பியதை எழுதினவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரே ஊர் என்றால் மறுநாளே போய்ச் சேரும்படி. ஏற்றவருக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை, கொடுக்காதவர் அவர்தானே.

அதே ஐயா: சரிதான். ஆனால் டிஸ்கவுண்ட் ஒப்பந்தத்தில் 'எந்தக் காரணத்தால் திரும்பினாலும் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம்' என்று எழுதி வாங்கியிருப்போம். தாமதமாகக் கேட்டாலும் எடுத்துவிடுவோம்.

அந்த வரி சட்டத்தின் பாதுகாப்பை முழுதும் தாண்டுமா என்பதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் ஐயா. பில்லின்மேல் உள்ள பொறுப்பு வேறு, ஒப்பந்தத்தால் வரும் பொறுப்பு வேறு என்பது உங்கள் வாதம். வாடிக்கையாளருக்கு நட்டமே வராத தாமதத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் மில்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால்? அது வழக்கறிஞரிடம் போகிற விஷயம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள் என்று மட்டும் வியாபாரிகளுக்குச் சொல்வேன்.

தட்டோனிலிருந்து ஒருவர்: எங்கள் தாத்தா காலத்து உண்டியல் சீட்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது, முகல் தெருவில் எழுதினது, தமிழில். அதற்கும் மூன்று சலுகை நாள் உண்டா? பணம் கேட்கலாமா?

கேட்பது பில்லைப் பற்றி இல்லை என்றாலும் சொல்கிறேன். முகல் தெரு இப்போது ஷ்வே போந்தா தெரு, செட்டியார் கடைகள் வரிசையாக இருந்த இடம். நம் மொழிகளில் எழுதின உண்டியலுக்கு ஊர் வழக்கமே செல்லும் என்று 1881 சட்டமே முதல் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. அதனால் சலுகை நாள் உண்டா என்பது அந்தக் காலத்து வழக்கத்தைப் பொறுத்தது. பணம் கேட்கும் காலம் போய்விட்டது. பத்திரமாக வையுங்கள், ஈரம் படாமல்.

யாங்கோன் மொத்த வியாபாரி மறுபடியும்: எனக்கு உண்மையிலேயே ஒன்று திரும்பியிருக்கு. அவர் கொஞ்சம் காசு தருகிறார், மீதிக்குப் புதுப் பில் எழுதச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்குவதா வேண்டாமா என்பது அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைப் பொறுத்தது. பதிவை நம் தொகையிலேயே போட்டுக் காட்டுகிறேன். பாக்கி 60,15,000. அவர் 20,15,000 ரொக்கம் தருகிறார், மீதி 40 லட்சத்துக்கு இரண்டு மாதம் கேட்கிறார். 12 சதவீதத்தில் வட்டி 80,000. முதலில் அந்த வட்டியை அவர் பேரில் பற்று எழுதி, வட்டி வருமானத்தில் வரவு வையுங்கள். பாக்கி 60,95,000 ஆகிறது. பிறகு ரொக்கத்தில் 20,15,000 பற்று, பெறவேண்டிய பில்லில் 40,80,000 பற்று, அவர் கணக்கில் 60,95,000 வரவு. அவர் ஏட்டில் இதெல்லாம் தலைகீழாக வரும்.

வட்டியைப் பதிவு செய்யாமல் நேரே 40,80,000-க்குப் பில் எழுதினால் அவர் கணக்கில் 80,000 அதிக வரவு நிற்கும், நீங்கள் அவருக்குக் கடன்பட்டதுபோல. அப்புறம் பழைய பில்லை வங்கியிடமிருந்து திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துதான் புதியதில் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். ஒரே கடனுக்கு அவர் கையெழுத்துள்ள இரண்டு பில் வெளியில் சுற்ற விடாதீர்கள்.