பி பெல்ட் கப்பிக்குத் தவாளிப்புக் கோணம், ஆழம்

“சம்மாந்துறை நெல் மில்லுக்கு பி பெல்ட் கப்பி கடைய வேண்டும். மோட்டார் பக்கம் 140 மி.மீ., மறுபக்கம் 280. பெல்ட்டைப்போல இரண்டையும் 40 பாகையில் வெட்டலாமா?”

வேண்டாம். 140க்கு 34 பாகை, 280க்கு 38 பாகை. ஐஎஸ்ஓ 4183 அட்டவணையில் பி வரிசையைப் பாருங்கள்: சுருதி விட்டம், அதாவது தவாளிப்பின் அகலம் 14 மி.மீ. ஆக இருக்கும் சுருதிக் கோட்டில் அளக்கும் விட்டம், 190 மி.மீ. வரை 34, அதற்கு மேல் 38. ஆழம் இரண்டுக்கும் ஒன்றுதான். சுருதிக் கோட்டுக்கு மேலே குறைந்தது 3.5, கீழே 10.8, மொத்தம் 14.3 மி.மீ.

பெல்ட் வளையும்போது அதன் உட்பக்கம் பிதுங்கும், வெளிப்பக்கம் ஒடுங்கும். அதனால் பெல்ட்டின் 40 பாகை குறைந்துவிடும். கப்பி சிறிதானால் இன்னும் குறையும். 40இல் வெட்டினால் பக்கச்சுவரில் சரியாகப் பதியாமல் வழுக்கும்.

அட்டவணை சொல்வது வெளிவிட்டம் அல்ல. 140 சுருதி விட்டம் என்றால் வெளிவிட்டம் 147 வரும். லேத்காரரிடம் அந்த வெளிவிட்டத்தையே சொல்லுங்கள்.

பூட்டி ஓட்டிய பிறகு தவாளிப்பின் அடியைப் பாருங்கள். அது மினுங்கினால் பெல்ட் அடியில் தட்டுகிறது: ஆழம் போதாது, அல்லது சுவர் தேய்ந்து பெல்ட் இறங்கிவிட்டது.

பெல்ட்டில் SPB என்று இருந்தால் இந்த ஆழம் பொருந்தாது. அதற்குச் சுருதிக் கோட்டுக்குக் கீழே 14 மி.மீ. வேண்டும்.